கணவன் மனைவி இருப்பிடப் பகிர்வு: எப்போதுமா, பயணத்துக்கு மட்டுமா?

நானும் என் கணவரும் பதினான்கு மாதங்கள் கூகுள் மேப்ஸில் ஒருவர் இருப்பிடத்தை மற்றவர் எந்நேரமும் பார்க்கும்படி வைத்திருந்தோம். இப்போது அதை நிறுத்திவிட்டு, நான் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தைப் பகிர்கிறேன். இரண்டையும் வாழ்ந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். என் சாய்வு இரண்டாவது வழியின் பக்கம்தான்.

எனக்குச் சென்னையை அடுத்த சிறுசேரியில் வேலை, இரவு ஒன்பதரைக்கு முடியும். ஷேர் ஆட்டோவில் சோழிங்கநல்லூர் வந்து, அங்கிருந்து பெரும்பாக்கம், மேடவாக்கம், செம்பாக்கம் வழியாக பஸ்ஸில் கேம்ப் ரோடு வரவேண்டும். கணவர் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் எங்கே வந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிவது நல்லது என்பதில் எங்கள் இருவருக்கும் மாறுபாடே இருந்ததில்லை. எந்த வழியில் தெரிவது என்பதில்தான் பிரச்சினை வந்தது.

வசதிகளைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டும் இலவசம், இரண்டுமே ஏறக்குறைய ஒரே துல்லியம். கூகுள் மேப்ஸில் சில மணி நேரத்துக்கென்றும் பகிரலாம், “Until you turn this off” என்று நிரந்தரமாகவும் விடலாம். நாங்கள் நிரந்தரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வாட்ஸ்அப்பில் “Share live location” அழுத்தினால் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்றே தேர்வுகள். நிரந்தரம் என்ற ஒன்று அங்கே கிடையாது. ஒரு குறை உண்டு. எனக்குச் சாதாரண நாளில் வீடு சேர ஐம்பது நிமிடம் ஆகும். மழை நாளில் ஒரு மணி நேரப் பகிர்வு மேடவாக்கம் தாண்டுவதற்குள் முடிந்துபோகும், அதாவது அவருக்கு மிகவும் தேவையான நேரத்தில் அறுந்துவிடும். அதனால் மழைக் காலத்தில் 8 மணி நேரம் என்று போட்டுவிட்டு, வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது நானே நிறுத்திவிடுகிறேன். மறந்தாலும் விடிவதற்குள் தானாக முடிந்துவிடும்.

இந்தத் தானாக முடிவதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது. எப்படி என்பதை விளக்கவேண்டும்.

நிரந்தரப் பகிர்வில், பார்ப்பதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்துவதற்குத்தான் காரணம் சொல்லவேண்டும். ஒரு வருடம் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஒருநாள் மாலை அணைத்தால், “ஏன் அணைத்தாய்?” என்ற கேள்வி வரும். கணவர் கேட்காவிட்டாலும் அவர் மனத்தில் எழும். அது எழுமே என்ற நினைப்பில் நாம் அணைக்க மாட்டோம். நான் நான்கு மாதங்களாக அணைக்க நினைத்தும் அணைக்காமல் இருந்தது இதனால்தான். “மறைக்க ஒன்றும் இல்லையென்றால் எதற்காக நிறுத்த வேண்டும்?” என்ற வாக்கியத்தை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. என் மாமியார் சொல்வார், அக்கம்பக்கம் சொல்லும், எனக்குள்ளேயே ஒரு குரல் சொல்லும். காலவரையுள்ள பகிர்வில் இது தலைகீழாகிறது. ஒவ்வொரு நாளும் நான் தொடங்கினால்தான் உண்டு. தொடங்காத நாள் அறிவிப்பும் அல்ல, கோபமும் அல்ல, வெறுமனே தொடங்காத நாள்.

மேடவாக்கத்தில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். என்னோடு வேலை செய்யும் ஒருத்தி ஒரு நாள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். மேடவாக்கம் கூட்டுரோட்டில் இருவரும் இறங்கி, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தோம். அவள் வீட்டு விஷயம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். இருபத்தைந்து நிமிடம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கணவர் தட்டை எடுத்து வைத்தபடியே, “மேடவாக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டாயே, பஸ் ரிப்பேரா?” என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை, பரிவோடுதான் கேட்டார். நான், “ஏ.டி.எம்.மில் வரிசைங்க” என்றேன். எங்கள் திருமண வாழ்வில் தேவையே இல்லாமல் நான் சொன்ன முதல் பொய் அது. தோழியின் ரகசியத்தை நான் காக்கவேண்டியிருந்தது. வரைபடத்தில் நின்ற புள்ளி என்னை மட்டும் காட்டவில்லை, அவளையும் காட்டிக்கொடுத்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் எனக்கு ஒரு வேறுபாடு புலப்பட்டது. “எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?” என்பது வரப்போவதைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் அவர் கிளம்பி வரலாம், சோறு வைக்கலாம், கவலையை விடலாம். “அங்கே ஏன் நின்றாய்?” என்பது முடிந்துபோனதைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை தெரிந்து அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, நான் விளக்கம் சொல்வதைத் தவிர. முதல் கேள்வி ஆறுதல். இரண்டாவது கேள்வி எவ்வளவு மென்மையாகக் கேட்கப்பட்டாலும் கண்காணிப்பின் தொடக்கம்.

நியாயமாகச் சொன்னால், கூகுள் மேப்ஸ் பகிர்வு கடந்துவந்த வழியைத் துணைவருக்குக் காட்டுவதில்லை, அந்த நேரத்துப் புள்ளியை மட்டுமே காட்டுகிறது. ஆனால் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பத்து முறை பார்ப்பவருக்குப் பத்துப் புள்ளிகள் சேர்ந்து ஒரு வழித்தடம் ஆகிவிடுகிறது. அதோடு என் கைபேசியில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதையும் அது காட்டும். “சார்ஜ் அறுபது இருந்ததே, ஏன் எடுக்கவில்லை?” என்று அவர் ஒருநாள் கேட்டபோது, போனை எடுக்காமல் இருக்கும் உரிமையும் என்னிடமிருந்து போய்விட்டது என்று தோன்றியது.

புள்ளி சொல்வது எப்போதும் உண்மையும் அல்ல. பேட்டரி சேமிப்பு இயங்கினால் பல கைபேசிகள் பின்னணியில் இருப்பிடம் அனுப்புவதை நிறுத்திவிடுகின்றன. வரைபடம் கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே என் படத்தை வைத்திருக்கும். எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்பது கீழே சிறிய எழுத்தில் இருக்கும், பதற்றத்தில் இருப்பவர் அதைப் படிப்பதில்லை. ஒருமுறை பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் நான் நாற்பது நிமிடம் அசையாமல் இருப்பதாகக் காட்டியது. நான் அப்போது செம்பாக்கத்தில் பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தால் ஆறு தவறிய அழைப்புகள். புள்ளி நின்றுவிட்டால் முதலில் கீழே உள்ள நேரத்தைப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வட்டம் பெரிதாக இருந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் ஆள் இருக்கலாம் என்று பொருள். இந்தக் குறை வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும்.

“இருவரும்தானே பகிர்கிறோம், சமம்தானே” என்று அவர் சொன்னார். தாளில் அது சமம்தான். ஆனால் அவர் புள்ளி காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை கடையிலேயே இருக்கும். அதில் நான் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஊர் சுற்றி வேலைக்குப் போகிறவர் ஒருவர், ஓரிடத்தில் இருப்பவர் ஒருவர் என்றால் பரஸ்பரப் பகிர்வு என்பது நடைமுறையில் ஒருவழிதான்.

நான் பேச்சை எடுக்க உதவியது ஒரு தீர்ப்பு. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற பிராங்க் விட்டஸ் என்பவருக்கு, கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து பார்க்க வழிசெய்யும் நிபந்தனை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது. அது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலான வழக்கு, குடும்பத்துக்கு அப்படியே பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கணவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, நீ பஸ் ஏறும்போது மட்டும் போடு” என்றார்.

இன்னொரு வகைச் செயலிகளும் உண்டு. குடும்பப் பாதுகாப்பு என்ற பெயரில் வருபவை. ஓர் இடத்தை விட்டுக் கிளம்பினால் மணியடிக்கும், வண்டி ஓட்டும் வேகத்தைச் சொல்லும், சென்ற வழியைச் சேமித்தும் வைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவை எப்படி என்று நான் சொல்ல முடியாது, பயன்படுத்தியதில்லை. வழியைச் சேமிக்கும் எதையும் கணவன் மனைவிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முடிந்துபோனதைக் கேட்கும் கேள்விக்கு அவை ஆதாரத்தையே தயாரித்துக் கொடுக்கின்றன. ஐபோனில் 2023இல் வந்த “Check In” என்ற வசதியைத் தங்கை பயன்படுத்துகிறாள். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி மட்டும் போகும், வழியில் தடங்கி, கேட்டதற்குப் பதிலும் இல்லையென்றால்தான் இருப்பிடம் வெளிப்படும். கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் இருவரிடமும் ஆண்ட்ராய்டுதான்.

நிரந்தரப் பகிர்வு பொருந்தும் இடமும் இருக்கிறது. நாமக்கல்லில் இருக்கும் என் அண்ணன் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறார். அவரே தன் போனில் அதைப் போட்டு அண்ணிக்குத் தெரியும்படி வைத்தார். பார்க்கப்படுகிறவர் தானாக விரும்பித் தொடங்கியது அது. ஞாபக மறதி உள்ள பெரியவர்களுக்கும் அதுவே சரி.

உங்கள் போனில் நீங்கள் அறியாமல் ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பது எளிது. கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு “Location sharing” திறந்தால் யாருக்கெல்லாம் போகிறது என்ற பட்டியல் வரும். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் “Privacy”, அதற்குள் “Live location”. ரகசிய உளவுச் செயலி எதுவும் இந்தப் பட்டியல்களில் தெரியாது. நிறுத்தினால் அடி விழும், வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயம் இருந்தால், இந்த ஒப்பீடு உங்களுக்கு உதவாது. அப்படியே அணைத்துவிடவும் வேண்டாம், அது எதிராளியை உசுப்பிவிடலாம். முதலில் 181 பெண்கள் உதவி எண்ணில், முடிந்தால் வேறொருவர் போனிலிருந்து, பேசுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இப்படி நடக்கிறது. சோழிங்கநல்லூரில் பஸ் ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குப் போடுகிறேன். புள்ளி செம்பாக்கம் தாண்டும்போது அவர் கடை ஷட்டரை இறக்குகிறார். நான் கேம்ப் ரோட்டில் இறங்கும்போது ஸ்கூட்டரில் நிற்பார். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் நிறுத்திவிடுவேன்.