முழுநாள் ஒரே வீடா, வேலைக்கணக்கில் மூன்று வீடா?

வேளச்சேரியில் ஒரே வீட்டில் ஆறு வருடம் முழுநாள் வீட்டு வேலை பார்த்தேன். போன ஆடியோடு அதை விட்டுவிட்டு, இந்த வேலைக்கு இவ்வளவு என்று பேசி மூன்று வீடு பிடித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் புதிதாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் எது தேவலை என்று கேட்கிறார்கள். மூன்று வீடுதான் என்பேன்.

ஒரே வீட்டில் வசதி இல்லாமல் இல்லை. காலை டிபனும் காபியும் அங்கேயே ஆகிவிடும், வெயிலில் அலைய வேண்டாம், அவசரத்துக்கு அட்வான்ஸ் கிடைக்கும். தங்கி வேலை செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நான் அப்படி இருந்தது இரண்டே மாதம். அதில் ராத்திரிக்கும் பகலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முழுநாள் வேலைக்குச் சம்பளம் 12,000. காலை 9 முதல் மாலை 5 வரை மேல் வேலை மட்டும் என்று பேச்சு. அடுத்த வருடம் அந்த வீட்டில் குழந்தை பிறந்தது. குழந்தைத் துணி, பால் பாட்டிலை வெந்நீரில் போட்டு எடுப்பது, பெரியம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவது எல்லாம் என் தலையில் ஏறின. எதையும் புது வேலை என்று சொல்லித் தரவில்லை. செருப்பை மாட்டும்போது, “அப்படியே அந்த மாவையும் அரைச்சு வெச்சுட்டுப் போயிடேன்” என்பார்கள். கிரைண்டர் ஓடி, கல்லைக் கழுவிக் கவிழ்க்க ஒரு மணி நேரம் ஆகும். 5 மணி 7 ஆனது. மாதம் 26 நாள், நாளைக்கு 10 மணி நேரம் என்றால் 260 மணி நேரம். மணிக்கு 46 ரூபாய்தான் வந்தது. பேசியபடி 8 மணி நேரம் என்றால் 57 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும்.

கேட்டிருக்கலாமே என்பார்கள். பையன் பள்ளிக் கட்டணத்துக்கு 20,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தேன், மாதம் 2,000 பிடித்தார்கள். வாயைத் திறந்தால் “பாக்கியைக் கட்டிட்டுக் கிளம்பு” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒரே வீட்டுச் சம்பளத்தில் குடும்பம் ஓடும்போது பேரம் பேச இடமில்லை. பாக்கி தீர்ந்த மாதம்தான் விலகினேன்.

இப்போது மூன்று வீட்டிலும் சேர்த்து 11,000. அதே 26 நாள், நாளைக்கு ஐந்தரை மணி நேரம் வேலை. மணிக்கு 77 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு வீடு நடக்கும் நேரம், ஆள் இல்லாமல் வாசலில் நிற்கும் நேரம் சேர்த்தால் கொஞ்சம் குறையும். ஆனால் நான் மாறியதற்குப் பெரிய காரணம் பணம் இல்லை. “அடுத்த வீட்டுக்கு ஒன்பதரைக்குப் போகணும்மா” என்று இப்போது சொல்ல முடிகிறது. முடியாது என்று சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள், இன்னொரு வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றால் விட்டுவிடுகிறார்கள். அப்படியும் ஒரு வீடு போனால் போவது 3,500, மிச்ச இரண்டு வீடு கையில் இருக்கும்.

ஆனால் மூன்றையும் ஒரே அப்பார்ட்மென்ட்டில் பிடிக்காதீர்கள். ஒரு வீட்டில் மனஸ்தாபம் வந்தால் சாயங்காலத்துக்குள் வாட்ஸப் குரூப்பில் எல்லா வீட்டுக்கும் போய்விடும், மறுநாள் வாட்ச்மேனே கேட்டில் நிறுத்துவார். நான் ஒரு வீட்டை வேண்டுமென்றே இரண்டு தெரு தள்ளிப் பிடித்தேன்.

வேலைக்கணக்கிலும் ஓட்டை உண்டு. ‘பாத்திரத்துக்கு 1,800’ என்று மட்டும் பேசினால், ஊரிலிருந்து ஆறு பேர் வந்தாலும் அதே 1,800தான். அதனால் முதல் நாளே எத்தனை பேர், எத்தனை வேளை, எத்தனை ரூம் என்று எண்ணிச் சொல்லிவிடுகிறேன். “நாலு பேருக்கு, ஒரு வேளைப் பாத்திரம். விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் தனி.” மாதத்தில் இரண்டு நாள் லீவும் அப்போதே பேசிவிட வேண்டும். சம்பள நாளில் லீவுப் பேச்சை எடுத்தால் பிடித்தம்தான் நடக்கும்.

வந்த நேரம், கிளம்பிய நேரம், கூடுதல் வேலை எல்லாவற்றையும் காலண்டர் தாளில் எழுதுகிறேன். 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது மணிக்கணக்கும் வைத்தது. வீட்டுக்குள் வந்து யாரும் மணி பார்க்கப் போவதில்லை, நம் கையில் இருக்கும் தாள்தான் கணக்கு. 2007-ல் வந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்து கார்டும் வாங்கி வையுங்கள். ஆனால் அது உதவித்தொகைக்குத்தான், சம்பளப் பேச்சில் கைகொடுக்காது.

உடம்பு முடியாதவர்களுக்கு, கைக்குழந்தையைக் கூடவே கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரே வீடுதான் சரிப்படும். அவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்காதீர்கள். போன வாரம் இரண்டாவது வீட்டில் சொந்தக்காரர்கள் நாலு நாள் தங்கினார்கள். தாளைக் காட்டினேன். அந்த அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு 200 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.