வால்சால்வாவா, ஃபிரென்சலா? டைவிங்கில் காதைத் திறக்கும் இரண்டு வழிகள்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கினால் கூடும் காற்றழுத்தம், கடலில் சுமார் இரண்டு மீட்டர் இறங்குவதற்குச் சமம். காட் ரோட்டில் இது ஒன்றரை மணி நேரத்தில் நடக்கிறது. எச்சிலை விழுங்கினாலே காது திறந்துகொள்ளும். புதுச்சேரிக் கடலில் அதே மாற்றம் சில விநாடிகளில் வந்துவிடுவதால், நாமாகவே காதைத் திறந்து உள்ளழுத்தத்தை வெளி அழுத்தத்துக்குச் சமமாக்க, அதாவது ஈக்வலைஸ் செய்தாக வேண்டும்.

வால்சால்வா எல்லோருக்கும் தெரிந்தது: மூக்கைப் பிடித்து, வாயை மூடி, ஊதுவது. கற்க நேரமே ஆகாது. மூக்கைப் பிடித்தபடி விழுங்கும் டாயின்பீ முறை சிலருக்குப் போதும், எனக்கு அவ்வளவாகக் கைகொடுத்ததில்லை. நான் ஃபிரென்சலுக்கு மாறிவிட்டேன்.

காரணம் ஒன்றுதான். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் நடுவே இருக்கும் குழாய் மென்மையானது. காதைத் திறக்காமலே ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டால், வெளி அழுத்தம் அதன் வாயை அமுக்கி மூடிவிடும். வால்சால்வா பழகியவர் அப்போது இன்னும் பலமாக ஊதுவார். நெஞ்சிலிருந்து வரும் அந்த முக்கல் தலைக்குள் உள்ள திரவத்தின் வழியாக உள்காதுக்கும் போகும். அங்கிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் கேட்கும் திறனே போகலாம். ஃபிரென்சலில் நெஞ்சுக்கு வேலையே இல்லை. மூக்கைப் பிடித்து, கனமான மூட்டையைத் தூக்கும்போது செய்வதுபோல் தொண்டையை அடைத்து, 'க்' என்று சொல்வதுபோல் நாக்கின் பின்பகுதியை மேலே தள்ள வேண்டும். சரியாக வந்தால் தொண்டை மேடு ஏறும், வயிறு அசையாது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிடிபட நாளாகும். குன்னூரிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது பழகலாம்.

சளி பிடித்திருந்தால் இரண்டுமே உதவாது. சைனஸின் வாய் அடைத்திருந்தால் நெற்றியிலோ கன்னத்திலோ குத்தும், மாஸ்க்கில் ரத்தம் தெரியும். மூக்கடைப்பு மருந்து போட்டு இறங்குவதும் ஆபத்து. அதன் வேகம் தண்ணீருக்கடியில் தீர்ந்தால், ஏறும்போது காற்று வெளியேற வழியிருக்காது.

மூன்று மீட்டரில் இடது காது வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே நின்று ஊதக் கூடாது. வலி போகும்வரை மேலே வந்து, தலை மேலாக இருந்து, மெதுவாக ஃபிரென்சல் செய்யுங்கள். திறந்தால் கயிற்றைப் பிடித்து, கால் கீழாக, அரை மீட்டருக்கு ஒரு தடவை ஈக்வலைஸ் செய்துகொண்டே இறங்கலாம். இரண்டு மூன்று முயற்சியில் திறக்காவிட்டால் அன்றைய டைவ் முடிந்தது.

மேலே வந்தபின் காது மந்தமாகவே இருந்தால், டாக்டர் செவிப்பறையைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை டைவ் வேண்டாம். தலைசுற்றல், இரைச்சல், கேட்கும் திறன் குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த ஊரிலேயே காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். காட்டாமல் ஊருக்கு வண்டி ஏற வேண்டாம். மலை ஏறும்போது அழுத்தம் மாறுவதும், வழியில் காதைத் திறக்க முக்குவதும், உள்காதுச் சவ்வு கிழிந்திருந்தால் அந்தக் கிழிசலைப் பெரிதாக்கலாம்.