10-க்கு 8 அடி அறையில் கேமிங் பிசி: இரண்டு வருடத்துக்குப் பிறகு

என் அறை பத்துக்கு எட்டு அடி. ஏசி கிடையாது. கொசுவலை அடித்த ஒரு ஜன்னல், மேலே ஒரு வென்டிலேட்டர், அவ்வளவுதான்.

தூசிக்குப் பயந்து கேபினட்டை முதலில் மேசைக்குக் கீழே, கதவு வைத்த தட்டுக்குள் வைத்தேன். அரை மணி நேரம் விளையாடினால் கிராஃபிக்ஸ் கார்டு 84 டிகிரி, சத்தம் மிக்ஸி மாதிரி. தட்டின் பின்பக்கம் பலகை அடித்திருந்தது. வெளியே தள்ளிய சூடான காற்றையே முன்பக்க ஃபேன் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்ததும் 73-க்கு வந்துவிட்டது.

அடுத்த சூடு நான் எதிர்பார்க்காத இடத்தில். ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கினால், எக்ஸ்டென்ஷன் போர்டில் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை. லோடு அதிகமோ என்று கணக்குப் போட்டேன். 6 ஆம்பியர் போர்டு 1380 வாட் வரை தாங்கும். மானிட்டரையும் சேர்த்து எனக்கு 400 வாட்கூட வரவில்லை. குற்றவாளி லோடு இல்லை, லூஸ் கான்டாக்ட். பின் சரியாகப் பிடிக்காத இடத்தில் மட்டும் சூடு குவிந்து பிளாஸ்டிக்கை உருக்குகிறது. பிளக் ஆடினாலே அந்தப் போர்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இப்போது பிசிக்கு நேரே சுவர் சாக்கெட். மீதி ஒயரைச் சுருட்டிப் பாய்க்கு அடியில் தள்ளுவதையும் விட்டுவிட்டேன், சூடு வெளியேற வழியில்லை என்பதால். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுடக் கூடாது.

கேபினட் குளிர்ந்தது, ஆனால் நான் வெந்தேன். பிளக்கில் மாட்டிய மீட்டர், விளையாடும்போது 350 வாட் காட்டியது. அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வருகிறது. கேபினட்டில் எத்தனை ஃபேன் சேர்த்தாலும் இது மாறாது. கதவைச் சாத்தி இரண்டு மணி நேரம் ஆடினால் அறை 31-லிருந்து 35 டிகிரி; கார்டும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும்.

வென்டிலேட்டரில் 9 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். ஒரு வாரம் பிரயோஜனமே இல்லை. கதவின் அடி இடுக்கில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அது அசையவே இல்லை. தூசிக்காக நானே ரப்பர் ஒட்டி அடைத்திருந்தேன், ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்? ரப்பரை உரித்து, ஜன்னலை வலையோடு திறந்தேன். காகிதம் உள்பக்கம் படபடத்தது. அறை 33-ஐத் தாண்டுவதில்லை.

மே மாத மதியத்தில் இது எடுபடாது. வெளியே 38 இருந்தால் அந்தக் காற்றுதான் உள்ளே வரும். அப்போது கேம் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாதபடி செட்டிங்கில் கட்டுப்படுத்திவிடுவேன். மீட்டர் 230 வாட்டுக்கு இறங்கும்.

ஒரே குறை, கதவிடுக்கு வழியாகச் சமையலறைக் காற்றும் வருகிறது. அம்மா மிளகாய் தாளித்தால் முதலில் தும்முவது நான்தான்.