ஒரே பட்டம், இரண்டு பத்திகள்

கொழும்பில் தரம் 2 பிள்ளைகளுக்கு நான் எழுதிய இரண்டு வாசிப்புப் பத்திகள் இவை. இரண்டிலும் வாக்கியத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் இல்லை.

முதலாவது: “கவின் காலிமுகத்திடலில் பட்டம் விட்டான். காற்று பலமாக வீசியது. நூல் அறுந்தது. பட்டம் பறந்து போனது. கவின் அழுதான்.”

இரண்டாவது: “கவின் காலிமுகத்திடலில் பட்டம் விட்டான். காற்று பலமாக வீசியது. ‘டப்’ என்று சத்தம் கேட்டது. கையில் நூல் மட்டும் இருந்தது. அப்பா அவனை அணைத்துக்கொண்டார்.”

“கவின் எங்கே பட்டம் விட்டான்?” என்ற நேரடிக் கேள்வி இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் “பட்டத்துக்கு என்ன ஆனது?” என்பதற்கு முதல் பத்தியில் ஒரு வரியைப் பார்த்து எழுதினால் போதும். இரண்டாவதில் சத்தத்தையும் வெறும் நூலையும் பிள்ளை சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் உய்த்துணர்வைச் சோதிக்க இரண்டாவதையே எடுப்பேன். கூடவே “எப்படித் தெரியும்?” என்று கேட்பது அவசியம், குருட்டு ஊகம் அங்கே தெரிந்துவிடும்.

பிள்ளை தடுமாறினால் “கையில் என்ன இருந்தது?” என்று கேளுங்கள். அதுவும் தெரியாவிட்டால் சிக்கல் எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இருக்கலாம். அப்போது முதல் பத்திக்குத் திரும்புவது சரி.