படிவம் 20 ஸ்கேனை எக்செலுக்குக் கொண்டுவர நான்கு வழிகள்: எது எதற்கு?

சட்டமன்றத் தேர்தல் முடிந்த பிறகு வாக்குச்சாவடி வாரியான முடிவு வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் படிவம் 20. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்று உண்டு. எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் பல தொகுதிகளுக்குக் கிடைப்பது அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பிறகு ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கணினியைப் பொறுத்தவரை அது வெறும் படம்.

அதன் தலைப்புப் பகுதிதான் முதல் வம்பு. இடது ஓரத்தில் சாவடி எண். அடுத்து "செல்லத்தக்க வாக்குகள்" என்ற பொருளில் ஒரே அகலமான கட்டம், அதற்குக் கீழே வேட்பாளர் பெயர்கள் தனித்தனிக் கட்டங்களில். இடம் போதாததால் பெயர்களைப் பெரும்பாலும் செங்குத்தாகத் திருப்பி அச்சிட்டிருப்பார்கள். வலப்பக்கம் செல்லத்தக்க வாக்குகளின் கூடுதல், நிராகரிக்கப்பட்டவை, நோட்டா, மொத்தம் ஆகியவை மேலிருந்து கீழாக இணைந்த கட்டங்களில் இருக்கும். அதாவது ஒரே தலைப்பில் பக்கவாட்டு இணைப்பும் உண்டு, செங்குத்து இணைப்பும் உண்டு, திருப்பிய எழுத்தும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பை எந்த மென்பொருளையும் வாசிக்க விடாதீர்கள். பத்துப் பதினைந்து பெயர்தான், கையால் அடித்துக்கொள்ளலாம். பெயர்களின் வரிசைக்குப் படிவம் 7ஏ, அதாவது போட்டியிடும் வேட்பாளர்களின் இறுதிப் பட்டியல் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பிறகு பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். படிவம் 20இன் நெடுவரிசைகளும் அதே வரிசையில் வருகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் தலைப்பு முடிந்தது. கருவிகளை ஒப்பிட வேண்டியது கீழே உள்ள எண்களுக்காகத்தான்.

அதற்கு முன் ஒரு சோதனை. கட்டளைச் சாளரத்தில் இதை அடியுங்கள்:

```
pdffonts form20.pdf
```

எழுத்துரு எதுவும் பட்டியலில் வராவிட்டால் அது முழுப் படம். எழுத்துரு வந்தாலும் உடனே மகிழ வேண்டாம். சில ஸ்கேனர்கள் தாமாகவே ஒரு அரைகுறை எழுத்து அடுக்கைப் படத்துக்கு அடியில் பதித்துவிடும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். பி.டி.எஃப்.இலிருந்து அட்டவணையை எடுக்கும் டேபுலா போன்ற கருவிகள் நேரடியாக இந்த ஆட்டத்துக்கு வராததும் இதனால்தான். எழுத்து உள்ள பி.டி.எஃப்.இல் அது அருமையாக வேலை செய்யும், படத்தில் அதற்குப் பிடி கிடைக்காது.

எக்செலின் படத்திலிருந்து தரவு வசதி. Data பட்டையில் From Picture என்று இருப்பது. பக்கத்தைப் படமாக வெட்டிக் கொடுத்தால் அட்டவணையாக வாசித்து, சந்தேகமான கட்டங்களை நிறமிட்டுக் காட்டி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லும். ஒன்றிரண்டு பக்கங்களுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. எண் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுப்பது முக்கியம். தலைப்பையும் சேர்த்துக் கொடுத்தால் இணைந்த கட்டத்தைத் தன் இஷ்டத்துக்குப் பிரித்து, கீழே உள்ள நெடுவரிசைகளையும் கலைத்துவிடும். பெரிய குறை, கோடுகள் எங்கே என்பதை நீங்கள் சொல்ல முடியாது. அது ஊகித்ததுதான். பக்கத்துக்குப் பக்கம் ஊகம் மாறினால், ஒரு பக்கத்தில் பதினெட்டு நெடுவரிசை, அடுத்ததில் பதினேழு என்று வந்து நிற்கும்.

ஃபைன்ரீடர் வகை மென்பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் கோடுகளை நீங்களே இழுத்து வைக்கலாம், தேவையான கட்டங்களை இணைக்கலாம், அந்த அமைப்பை வார்ப்புருவாகச் சேமித்து அடுத்த பக்கத்திலும் போடலாம். நிரல் எழுதத் தெரியாதவர் ஐந்தாறு தொகுதிகளைச் செய்ய வேண்டுமென்றால் இதுதான் என் பரிந்துரை. காகிதம் சற்றுக் கோணலாக ஸ்கேனாகியிருந்தால் வார்ப்புரு பக்கத்துக்குப் பக்கம் நகரும், கண் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

இலவச வழி: டெசராக்ட், அதன்மேல் கேமலாட். நிறைய தொகுதிகள் என்றால் இதுதான். முதலில் ocrmypdf வழியாக டெசராக்டை ஓட்டி ஓ.சி.ஆர். செய்து, அதாவது படத்திலுள்ள எழுத்தை வாசிக்க வைத்து, அதைப் படத்துக்கு அடியில் பதிக்கிறோம். பிறகு கேமலாட் என்ற பைதான் நிரல்தொகுப்பு கோடுகளைப் பார்த்துக் கட்டம் கட்டமாக எழுத்தை அள்ளுகிறது.

```
ocrmypdf --force-ocr --deskew --tesseract-pagesegmode 6 form20.pdf out.pdf
```

```
import camelot
t = camelot.read_pdf("out.pdf", pages="all",
                     flavor="lattice", line_scale=40, split_text=True)
t.export("form20.csv", f="csv")
```

இங்கே `lattice` என்ற சொல்தான் உயிர்நாடி. கேமலாட் இந்த முறையில் பக்கத்தைப் படமாக மாற்றி, அதிலுள்ள கோடுகளைத் தேடுகிறது. அதனால் ஸ்கேனில் இருக்கும் கோடுகளும் அதற்குத் தெரியும். `line_scale` எண்ணைக் கூட்டினால் குட்டையான கோடுகளும் பிடிபடும். மிகவும் கூட்டினால் எழுத்துகளின் தண்டுகளையே கோடு என்று நினைத்துக்கொள்ளும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், டெசராக்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய கட்டத்தின் நடுவில் தனியாக நிற்கும் ஒற்றை இலக்கத்தைத் தூசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். படிவம் 20இல் சுயேச்சைகளுக்கு 0, 1, 3 என்றுதான் விழுந்திருக்கும், ஆக இது பக்கத்துக்குப் பக்கம் நடக்கும். வெறும் எழுத்தாக எடுத்து இடைவெளியை வைத்துப் பிரித்தால், விடுபட்ட இலக்கத்துக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் ஓர் இடம் இடது பக்கம் நகரும். ஒருவரின் வாக்கு அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். கோட்டை வைத்துப் பிரித்தால் அந்தக் கட்டம் காலியாக மட்டும் இருக்கும், மற்றவை அசையாது.

இலக்கங்களை மட்டுமே வாசி என்று டெசராக்டுக்குக் கட்டுப்பாடு போடலாம் (`tessedit_char_whitelist=0123456789`). வாக்கு எண்களுக்கு நல்லது. சாவடி எண் நெடுவரிசைக்கு மட்டும் போடாதீர்கள். `27A` போன்ற துணைச் சாவடிகள் உண்டு. `A`வுக்கு வழியில்லாதபோது அது 4 ஆகி, 27A என்பது 274 ஆகிவிடலாம். தொகுதியில் 274 என்று இன்னொரு சாவடி நிஜமாகவே இருந்தால் குழப்பம் சொல்லி மாளாது.

கையால் அடிப்பது. சிரிக்க வேண்டாம். ஒரே தொகுதி, ஸ்கேன் மங்கல், முத்திரை எண்களின்மேல் விழுந்திருக்கிறது என்றால் இதுதான் வேகமானது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் அடித்தால் முந்நூறு வரிசை மலை இல்லை.

எந்த வழியில் போனாலும் படிவமே ஒரு தணிக்கையாளரைக் கையில் கொடுத்திருக்கிறது. வேட்பாளர் வாக்குகளைக் கூட்டினால் வரிசையின் கூடுதல் வர வேண்டும். உதாரணத்துக்கு ஏழு வேட்பாளர்கள் உள்ள ஒரு வரிசை: 312, 248, 6, 3, 41, 0, 2, கூடுதல் 612. எண்கள் C முதல் I வரை, கூடுதல் Jஇல் என்றால் பக்கத்தில் ஒரு நெடுவரிசை போதும்:

```
=SUM(C2:I2)-J2
```

பூச்சியம் வந்தால் அடுத்த வரிசை. வராதபோது அந்த வித்தியாசமே நோயைச் சொல்லும். 6 வந்தால் 41ஐ 47 என்று வாசித்திருக்கலாம், ஒன்றுக்கும் ஏழுக்கும் உள்ள குழப்பம். 5 என்றால் மூன்று எட்டாகியிருக்கலாம். -3 வந்து, ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கே விடுபட்டது 3, ஸ்கேனைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு போடுங்கள். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் வரிசை நகர்ந்திருக்கிறது. கையால் அடித்ததில் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம், 63க்குப் பதில் 36 என்பது போல.

இரண்டு வேட்பாளர்களின் எண்கள் தமக்குள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்குக் கடைசிப் பக்கத்தில் சாவடிகளில் பதிவான மொத்தம் என்று வேட்பாளர் வாரியாக ஒரு வரிசை இருக்கும், அதோடு நெடுவரிசைக் கூட்டல்களை ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே வரும் தபால் வாக்குகளைச் சேர்த்துவிடாதீர்கள்.

தலைப்பையும் மென்பொருளே எடுத்துத் தரட்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் எக்செலின் பவர் குவெரியில் வழக்கமாகச் செய்வது இது: Transpose, முதல் நெடுவரிசைக்கு Fill Down, இரு தலைப்புகளையும் Merge Columns, மீண்டும் Transpose. இணைந்த கட்டத்தின் பெயர் எல்லா வேட்பாளருக்கும் பரவிவிடும். நல்ல வழிதான், ஒரு கண்ணி இருக்கிறது. கூடுதல் என்ற தலைப்பு செங்குத்தாக இணைந்த கட்டத்தின் நடுவில் அச்சாகியிருக்கும். ஓ.சி.ஆர். அதை இரண்டாம் வரிசையில் போட்டுவிட்டால், முதல் வரிசை அந்த இடத்தில் காலி. Fill Down அந்தக் காலியிடத்திலும் "செல்லத்தக்க வாக்குகள்" என்று நிரப்பும். கூடுதல் நெடுவரிசை இன்னொரு வேட்பாளராக வேடம் போட்டுக்கொண்டு நிற்கும். பிறகு Unpivot செய்து தொகுதி மொத்தம் எடுத்தால் வாக்கு இரட்டிப்பாக வரும். கேமலாட்டின் `copy_text=['h']` என்ற அமைப்பு கோடுகளைப் பார்த்து நிரப்புவதால் இந்தக் கண்ணியில் விழுவது குறைவு, ஆனால் செங்குத்தான பெயர்களை அதற்கு முன்னால் டெசராக்ட் குதறியிருக்கும்.

முழுக்கச் சரிபார்த்தும் ஒன்றிரண்டு வரிசை ஒட்டவே ஒட்டாது. ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தால் காகிதத்திலேயே கூட்டல் தவறாக இருக்கும். அங்கே எண்ணைத் திருத்தாதீர்கள். அச்சில் உள்ளதை அப்படியே வைத்து, பக்கத்தில் குறிப்பு என்று ஒரு நெடுவரிசை திறந்து, வித்தியாசத்தையும் பி.டி.எஃப். பக்க எண்ணையும் எழுதி வையுங்கள்.