கோதையாறு போகும்முன் எந்த மேப்பை இறக்குவது?

நாகர்கோவிலில் இருந்து தக்கலை, குலசேகரம் வழியாகப் போகும்வரை நெட் பற்றிக் கவலையில்லை. பேச்சிப்பாறை தாண்டி, கோதையாறு பக்கம் காட்டுக்குள் ஏறும்போதுதான் சிக்னலை நம்ப முடியாது. அதனால் மேப்பை முன்கூட்டியே இறக்குவது டேட்டாவை மிச்சப்படுத்த என்பதைவிட, வழி தெரிந்துகொள்ளத்தான். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. முதல் தடவை இடத்தைப் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரமெடுக்கும்.

கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு Offline maps, அப்புறம் Select your own map போனால் ஒரு கட்டம் வரும். கன்னியாகுமரி முதல் திருவனந்தபுரம் வரை அதற்குள் அடக்கி இறக்கிவிடலாம்; மாநில எல்லை அதற்குப் பொருட்டில்லை. கடை, ஓட்டல் பெயர்களும் தாராளமாக இருக்கும். ஆனால் நெட் போனதும் வண்டிக்கான வழியை மட்டுமே சொல்லும். நடைவழி, பஸ், டிராஃபிக், மாற்றுப்பாதை எதுவும் வராது.

ஆர்கானிக் மேப்ஸ் என்ற இன்னொரு ஆப் நெட் இல்லாமலே நடைவழி காட்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒரு முனையில் வண்டியை விட்டு, மேலே நடந்து மறுகரைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். இதில் மேப் துண்டு துண்டாக வரும்: நாகர்கோவிலைப் பெரிதாக்கினால் அந்தப் பகுதியை இறக்கவா என்று கேட்கும். களியக்காவிளை தாண்டப் போகிறீர்கள் என்றால் கேரளத் துண்டையும் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் திருவனந்தபுரத்துக்கு வழி கேட்கும்போது அது நெட்டைத் தேடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆர்வலர்கள் வரைந்ததைத்தான் இது காட்டுகிறது என்பதால் சின்னக் கடைகள் விடுபட்டிருக்கும்.

குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்குக் கூகுள் போதும். காலாற நடக்கிறவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். கிளம்பும்முன் ஏரோப்ளேன் மோடில் போட்டு, திற்பரப்புக்கு ஒருமுறை வழி கேட்டுப் பாருங்கள்.

டேட்டாவைத் தின்பது பாட்டும் வீடியோவும்தான். 160 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 6 எம்பி. 60 பாட்டுக்கு 360 எம்பி. ஸ்பாட்டிஃபையில் பாட்டுகளை இறக்கக் கட்டணத் திட்டம் வேண்டும், 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் வர வேண்டும். வீடியோ இதைவிடப் பல மடங்கு. அதில் ஒரு சங்கடமும் உண்டு: நெட்ஃப்ளிக்ஸில் சில படங்கள், ஓடவிட்ட 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். சரியாக இறங்கியதா என்று ஆசைக்கு ஓட்டிப் பார்த்தால் அப்போதே கணக்கு தொடங்கிவிடும். ஆகவே சோதனை மேப்புக்கு மட்டும்.

இன்னொன்று, வண்டியில் ஒருவர் ஹாட்ஸ்பாட் கொடுத்தால் மற்ற போன்கள் அதையும் வைஃபை என்றே எடுத்துக்கொள்ளும். ‘வைஃபையில் மட்டும்’ என்று வைத்திருந்த போட்டோ பேக்கப்பும் ஆப் அப்டேட்டும் அவர் டேட்டாவில் ஓடக்கூடும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு, அமைப்பில் Treat as metered என்று மாற்றிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.