"கட்டணம் 0"ன்னு நம்பி 148 டாலர் 80 சென்ட் போச்சு

நேற்றுதான் கணக்கில் பணம் விழுந்தது. வெளிநாட்டு கிளையன்ட்டுக்குப் போட்ட இன்வாய்ஸ் 3,000 டாலர். கைக்கு வந்தது 2,851.20 டாலருக்கான உள்ளூர்ப் பணம். 148 டாலர் 80 சென்ட் காணோம்!

வெளிநாட்டுப் பணத்தை வாங்கி நம் வங்கிக்கு மாற்றித் தரும் ஒரு செயலி. பதிவு செய்யும் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "கட்டணம் 0". அதற்குக் கீழே பொடி எழுத்தில் "பணம் வரும் நாளின் மாற்று விகிதம்" என்று ஒரு வரி. எந்த விகிதம், சந்தை விகிதத்திலிருந்து எவ்வளவு குறைப்பார்கள் என்று ஒரு எண்கூட இல்லை. அந்த வரியைத் தாண்டிப் போனதுதான் தப்பு.

கேட்டால் முதல் பதில், "இடையில் இருக்கும் வங்கி பிடித்திருக்கும்." கிளையன்ட் தன் வங்கியில் UETR என்ற, அந்தப் பரிமாற்றத்துக்கான தனி அடையாள எண்ணைக் கொடுத்துப் பணம் போன வழியைப் பார்த்துச் சொன்னார். கட்டண வகை SHA, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் பகிர்வது. வழியில் இரண்டு வங்கிகள் ஆளுக்கு 15 டாலர் பிடித்திருக்கின்றன. ஆக, செயலிக்குப் போய்ச் சேர்ந்தது 2,970. மீதி 118.80 எங்கே?

அதற்கு அடுத்த பதில், "விகிதம் ஏறும் இறங்கும் சார்." கணக்குக்காக அன்றைய சந்தை விகிதத்தை 100 என்று வைத்தால், இவர்கள் போட்டது 96. 2,970-இல் 4 சதவீதம் சரியாக 118.80! அன்று முழுக்க சந்தை அரை சதவீதம்கூட அசையவில்லை. இதைக் கணக்குப் போட்டு அனுப்பினேன். "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று புகாரையே மூடிவிட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி காகிதம். செயலி டாலரைத் தன் கணக்கில் வாங்கிக்கொண்டு, நமக்கு உள்ளூர்ப் பரிமாற்றமாகத்தான் அனுப்புகிறது. ஸ்டேட்மென்ட்டில் கிளையன்ட் பெயர் இல்லை, செயலி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. வெளிநாட்டு வரவுச் சான்று கேட்டால் வங்கி, "எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து எதுவும் வரவில்லையே" என்கிறது. அவர்கள் சொல்வதும் சரிதான். சான்று தர வேண்டியது செயலி. அது அனுப்பியதோ இன்வாய்ஸ் எண்கூட இல்லாத ஒரு ரசீது. வரிக் கணக்கில் இதை ஏற்றுமதி வருமானம் என்று எதை வைத்துக் காட்டுவது?

விவரமாக வழிமுறை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. கட்டணத்தைப் பார்க்காதீர்கள், 1,000 டாலர் அனுப்பினால் கையில் எவ்வளவு விழும் என்று எழுத்தில் கேளுங்கள். அதே நிமிடத்தின் சந்தை விகிதத்தோடு ஒப்பிடுங்கள். நேராக வங்கிக்கு வாங்குவதானால் கட்டண வகையை OUR என்று போட்டு அனுப்பச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அப்போது வழிக் கட்டணம் கிளையன்ட் பொறுப்பு. வரவுச் சான்றின் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எந்தச் செயலிக்கும் முதல் இன்வாய்ஸை அனுப்பாதீர்கள். 148 டாலர் 80 சென்ட்டுக்கான புகாரை இன்று மறுபடி திறந்திருக்கிறேன்.